மீட்டர் கெட்டுப்போகவில்லை, கணக்குதான் தப்பு

"சார், பிஎச் மீட்டர் போயிடுச்சு. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அசையவே மாட்டேங்குது."

ஆய்வகக் கழிவுநீரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன் நான். இந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலைவலி வரும். இந்த வாரம் மறுபடியும் கேட்டேன். கண்ணாடிக் கலன்களை ஊறவைத்துக் கழுவிய ஹைட்ரோகுளோரிக் அமிலம், 50 லிட்டர் தொட்டி நிறைய. பிஎச் 1. அதை 6-க்கு மேல் கொண்டுவந்த பிறகுதான் வெளியே விடலாம். தம்பி என்ன செய்தார்? தொட்டியைப் பெரிய டிரம்முக்கு மாற்றி இன்னொரு 50 லிட்டர் தண்ணீரை ஊற்றினார். பாதியாக நீர்த்துவிட்டதால் பிஎச் 2 ஆகியிருக்கும் என்று நம்பினார். மீட்டர் 1.3 காட்டியது. எலெக்ட்ரோடை மாற்றிப் பார்த்தார், அப்போதும் 1.3. நல்ல எலெக்ட்ரோடு ஒன்று வீணாகக் கழற்றி வைக்கப்பட்டதுதான் மிச்சம். மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

முதலில் அந்த 1 எப்படி வந்தது என்று பார்ப்போம். கடையில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறக்குறைய 37 சதவீதம். ஒரு லிட்டரில் சுமார் 12 மோல் இருக்கும். அதில் 8.3 மில்லிலிட்டர் எடுத்து ஒரு லிட்டர் ஆக்கினால் 0.1 மோல். 50 லிட்டர் தொட்டிக்கு 415 மில்லிலிட்டர் போதும். அரை லிட்டர்கூட இல்லை. இது வலிமையான அமிலம், அதாவது தண்ணீரில் விழுந்ததும் கிட்டத்தட்ட முழுவதுமாக அயனியாகிவிடும். ஆகவே அமிலத்தின் செறிவு எதுவோ அதுவே ஹைட்ரஜன் அயனியின் செறிவு. அப்புறம் ஒரே ஒரு வரிதான் கணக்கு:

pH = −log₁₀[H⁺]

[H⁺] = 0.1 = 10⁻¹, எனவே pH = 1

பத்தின் அடுக்கில் உள்ள எண்ணை எடுத்து, கழித்தல் குறியைத் தூக்கிவிட்டால் பிஎச். 0.01 என்றால் 2. 0.001 என்றால் 3. செறிவு 0.05 மாதிரி இருந்தால் கால்குலேட்டரில் லாக் பொத்தானை அழுத்துங்கள், −1.30 வரும், குறியை மாற்றினால் 1.30. தம்பியின் மீட்டர் காட்டிய எண் இதுதான். 0.1-ஐப் பாதியாக்கினால் 0.05, அதன் பிஎச் 1.30. இரண்டின் லாக் 0.30 என்பதால், எந்த வலிமையான அமிலத்தை இரண்டு மடங்கு நீர்த்தாலும் பிஎச் 0.3 மட்டும்தான் ஏறும். (நன்றாக அளவீடு செய்த மீட்டரில் 0.1 மோல் அமிலம் 1.1 பக்கம் காட்டும். அயனிகள் ஒன்றையொன்று கொஞ்சம் கட்டிப்போடுவதால் வரும் வித்தியாசம் அது. அதற்காகவும் எலெக்ட்ரோடை மாற்ற வேண்டாம்.)

என்னை எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பிஎச் அளவை ஒரு ஸ்கேல் மாதிரி சமமான கோடுகளாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் 5-க்கும் 6-க்கும் உள்ள தூரமும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இல்லை. 1-லிருந்து 2-க்குப் போகும்போது ஒரு லிட்டரில் இருந்த 0.1 மோல் அயனி 0.01 ஆகிறது, அதாவது 0.09 மோல் காணாமல் போக வேண்டும். 5-லிருந்து 6-க்குப் போகும்போது காணாமல் போவது வெறும் 0.000009 மோல். இரண்டு இடத்திலும் எண் ஒன்றுதான் கூடியிருக்கிறது. போன அமிலத்தின் அளவில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தொட்டிக்கு முன்னால் நின்றதும் கூட்டல் கழித்தல்தான் செய்கிறார்கள்.

இதே தப்பின் இன்னொரு முகம், பிஎச் எண்களைச் சராசரி எடுப்பது. பிஎச் 1 உள்ள ஒரு லிட்டரையும் பிஎச் 3 உள்ள ஒரு லிட்டரையும் கலந்தால் 2 வரும் என்று எழுதிவைத்த பதிவேடுகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் பேனாவைத் தேடுவேன். சராசரி எடுக்க வேண்டியது செறிவை: 0.1-உம் 0.001-உம் சேர்ந்து 0.101 மோல், இரண்டு லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 0.0505, பிஎச் 1.30. அதாவது பிஎச் 3 கரைசல் இந்தக் கலவையில் வெறும் தண்ணீர் மாதிரிதான் வேலை செய்திருக்கிறது.

சரி, 50 லிட்டர் தொட்டிக்குத் திரும்புவோம். தண்ணீரை மட்டும் ஊற்றிச் சமாளிக்க நினைத்தால் என்ன ஆகும்? பிஎச் 2-க்கு மொத்தம் 500 லிட்டர். 3-க்கு 5,000 லிட்டர். 6-ஐத் தொட 50 லட்சம் லிட்டர். அரை லிட்டர்கூட இல்லாத அடர் அமிலத்துக்கு 50 லட்சம் லிட்டர் தண்ணீர்! தவிர, எவ்வளவு ஊற்றினாலும் 7-ஐத் தாண்டாது. 10⁻⁸ மோல் அமிலத்துக்கு பிஎச் 8 என்று பரீட்சையில் எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அமிலம் சேர்த்துத் தண்ணீர் காரமாகுமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும். அந்த அளவுக்கு நீர்த்தால் தண்ணீருக்குச் சொந்தமான அயனிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும், விடை 6.98.

ஆகவே நடுநிலையாக்கம்தான் வழி. இங்கேதான் பத்து மடங்கு விவகாரம் ஆளைக் கவிழ்க்கும். நீர்க்காத அந்த 50 லிட்டரில் இருப்பது 5 மோல் அமிலம். ஒரு மோல் காஸ்டிக் சோடா 40 கிராம், எனவே 200 கிராம் வேண்டும். இந்த 200 கிராம் எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். பிஎச் 1-லிருந்து 2-க்கு வரவே 180 கிராம் போய்விடும். 2-லிருந்து 3-க்கு 18 கிராம். 3-லிருந்து 4-க்கு 1.8 கிராம். 4-லிருந்து 5-க்கு 0.18 கிராம், ஒரு சிட்டிகைகூட இல்லை.

தொட்டியருகே நிற்பவருக்கு இது எப்படித் தெரியும்? முதல் 100 கிராம் போட்டாயிற்று, மீட்டர் 1.3. ஐம்பது கிராம் கூடப் போட்டால் 1.6. பொறுமை போகும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டு 198 கிராமில் 3-ஐத் தொட்டதும், "பாதி வழிகூட வரவில்லையே" என்று ஒரு ஸ்பூன், 10 கிராம் என்று வையுங்கள், தட்டிவிடுவார். தேவைப்பட்டது 2 கிராம். மிச்சம் 8 கிராம் காரமாக நிற்கும், மீட்டர் 11.6-க்குப் பாயும். உடனே பயந்து அமிலம் ஊற்றுவார், மறுபடி 2-க்கு விழும். அப்புறம் காஸ்டிக், அப்புறம் அமிலம். ஒரு மத்தியானம் முழுக்க இப்படி ஊஞ்சல் ஆடியவர்களை எனக்குத் தெரியும். பிஎச் 3 என்பது பாதி வழி இல்லை ஐயா, நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு வேலை முடிந்துவிட்ட இடம்.

நான் செய்யச் சொல்வது இதுதான். மோல் கணக்கை முதலில் காகிதத்தில் போடுங்கள். கணக்கில் வரும் காஸ்டிக்கில் 95 சதவீதத்தைத் தனியே தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றுங்கள். காஸ்டிக் செதில்களை நேராக அமிலத்தில் கொட்டாதீர்கள். சூடேறித் தெறிக்கும், தெறிப்பது கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகவே வேண்டாம். அடர் அமிலத்தை நீர்க்க வேண்டியிருந்தால் தண்ணீரில் அமிலம், எப்போதும் அந்த வரிசைதான். ப்ளீச் கலந்த கழிவு இந்தத் தொட்டிக்குள் வரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கடைசிப் படிகளுக்கு காஸ்டிக்கை விட்டுவிட்டு சோடியம் பைகார்பனேட் எடுங்கள். அது கொஞ்சம் கூடிப்போனாலும் பிஎச் 8.3 பக்கத்தில் நின்றுவிடும், 11-க்குத் தாவாது. நுரைக்கும், அதனால் சிறிது சிறிதாகப் போடுங்கள். கார்பன் டைஆக்சைடு கரைந்திருக்கும் வரை எண் கொஞ்சம் குறைவாகவே காட்டும். கலக்கிவிட்டுக் காத்திருந்து படியுங்கள்.

மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலெக்ட்ரோடு பார்ப்பது மின்னழுத்தத்தை. 25 டிகிரியில் அயனிச் செறிவு பத்து மடங்கு மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும், மீட்டர் அதை ஒரு பிஎச் என்று மொழிபெயர்க்கும். உங்கள் மீட்டர் கெட்டுவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் 4, 7 பஃபர்களில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 175 மில்லிவோல்ட்டை ஒட்டி வித்தியாசம் வந்தால் அது நன்றாகவே இருக்கிறது. பிஎச் 1, 2 பக்கம் அடிக்கடி அளப்பவர்கள் 1.68 பஃபரும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சுலபமாகக் கணக்கு வந்ததற்குக் காரணம், தொட்டியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் இருந்ததுதான். அசிட்டிக் அமிலமாக இருந்தால், லிட்டருக்கு அதே 0.1 மோல் இருந்தும் மீட்டர் 2.9 காட்டும். எண்ணைப் பார்த்து ஒன்றிரண்டு கிராம் காஸ்டிக் போதும் என்று இறங்கினால் ஏமாந்துபோவீர்கள். அதற்கும் 200 கிராம் தேவை. அயனியாகாமல் ஒளிந்திருக்கும் அமிலம் மீட்டருக்குத் தெரியாது. கந்தக அமிலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். முதல் ஹைட்ரஜனை முழுக்கக் கொடுத்துவிடும், இரண்டாவதை அரைகுறையாகத்தான் கொடுக்கும். லிட்டருக்கு 0.05 மோல் கந்தக அமிலத்தில் இரண்டையும் எண்ணி பிஎச் 1 என்று எழுதுவார்கள், உண்மையில் 1.23 வரும். ஆனால் காஸ்டிக் கணக்குப் போடும்போது இரண்டையும் எண்ணியே ஆகவேண்டும்.

அதனால் தயவுசெய்து, தொட்டியில் அமிலம் ஊற்றுகிறவர்கள் அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை மில்லிலிட்டர், மொத்தம் எத்தனை லிட்டர் தண்ணீர். அழியாத மையில் எழுதுங்கள், அமிலப் புகைக்குச் சாதாரணப் பேனா மை நிற்காது.