திரையில் 65, பம்பில் 0.28

"டொக்டர், அம்மாவுக்குப் பத்து வருஷமா பிரஷரைக் குறைக்கக் குளிசை குடுக்கிறம். இப்ப நீங்கள் பிரஷரைக் கூட்டுற மருந்து ஏத்துறீங்களாம். என்ன இது?"

ஐ.சி.யூ. வாசலில் இரவு பத்து மணிக்கு ஒரு மகள் என்னிடம் கேட்டது இது. நேர்ஸ் சிங்களத்தில் விளக்கியதில் 'ப்ரஷர் வெடி கரனவா' என்பது மட்டும்தான் அவரது காதில் விழுந்திருக்கிறது. 'வெடி' என்றால் சிங்களத்தில் அதிகம் என்று பொருள், ஆனால் தமிழ்க் காதுக்கு அந்த நேரத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பில் வேலை செய்கிற எங்களுக்கு இது புதிதில்லை. அந்த இரவில் நடந்ததை, ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 62 வயது, கொட்டாஞ்சேனை, எடை 60 கிலோ. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. மூன்று நாளாகக் காய்ச்சல், சலம் போகும்போது எரிவு. வீட்டில் பனடோல் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். மாலையில் ஆள் மயங்கினாற்போல ஆனதும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரஷர் 82/40. கிட்டத்தட்ட 1800 மில்லி சேலைன் ஏற்றிய பிறகும் 86/42. இரத்தத்தில் லக்டேற் 4.6, அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகவில்லை என்பதன் ஒரு அடையாளம்.

நாங்கள் மேலே உள்ள 86ஐயோ கீழே உள்ள 42ஐயோ தனித்தனியாக வைத்து மருந்தைக் கூட்டிக் குறைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சராசரி இருக்கிறது, திரையில் MAP என்று அடைப்புக்குறிக்குள் தெரியும். கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய அது வரும்: 42+42+86=170, மூன்றால் வகுத்தால் 57. சிறுநீரகமும் மூளையும் எவ்வளவு அழுத்தத்தில் இரத்தத்தை வாங்குகின்றன என்பதை இந்த எண்தான் ஓரளவு சரியாகச் சொல்கிறது. கிருமித்தொற்றால் பிரஷர் இப்படி விழுந்துபோகிற செப்டிக் ஷொக்கில் முதல் இலக்கு 65. உலகளவில் 2021இல் வந்த வழிகாட்டியும் அதையே சொல்கிறது.

கிருமித்தொற்றின் எதிர்வினையில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துபோகின்றன. குழாய் விரிந்தால் உள்ளே இருக்கிற இரத்தம் போதாது, அழுத்தம் விழுகிறது. சேலைன் ஓரளவுக்கு நிரப்பும், அதற்கு மேல் கொடுத்தால் நுரையீரலில் தண்ணீர் சேரும். எனவே குழாயை இறுக்கிப் பிடிக்க ஒரு மருந்து வேண்டும். அதில் முதலாவது நோரட்ரினலின். மகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "தங்கச்சி, அம்மாட குளிசை இறுகின குழாயைத் தளர்த்துறது. இப்ப குழாய் தானாவே தளர்ந்து போச்சு, அதை இறுக்கிப் பிடிக்கிறம். கிருமியைக் கொல்லுறது வேற மருந்து, அது ஓடிக்கொண்டிருக்கு."

அவசரப் பிரிவில் முழங்கைக்குக் கீழே பெரிய நரம்பொன்றில் ஊசி போட்டு அதிலேயே தொடங்கிவிட்டோம். கழுத்தில் பெரிய குழாய் போடும்வரை காத்திருந்தால் அரை மணி நேரம் போய்விடும், அந்த அரை மணி நேரத்துக்கு விலை உண்டு. ஆனால் கையில் ஓடும்போது ஊசி நழுவி மருந்து தசைக்குள் கசிந்தால் அந்த இடத்துத் தோல் வெளுத்துச் சில்லிட்டு, கடைசியில் அழுகிக்கூடப் போகலாம். "கை எரியுது" என்று நோயாளி சொன்னால் உடனே யாரையாவது கூப்பிடுங்கள், அடுத்த ரவுண்டில் சொல்லலாம் என்று இருக்க வேண்டாம்.

சிரிஞ்ச் பம்பில் 50 மில்லிக்கு 4 மில்லிகிராம் மருந்து. நாங்கள் அளவை ஒரு கிலோவுக்கு ஒரு நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று பேசுகிறோம். 0.05இல் தொடங்கினோம். ஐந்து நிமிடம் பார்ப்பது, போதாவிட்டால் கொஞ்சம் கூட்டுவது, மறுபடி பார்ப்பது. இந்த மருந்து உடம்பில் சில நிமிடங்களே தங்கும், ஆகவே கூட்டியதன் பலனும் குறைத்ததன் பலனும் உடனே தெரியும். அதே காரணத்தால் சிரிஞ்ச் முடிந்து அடுத்ததை மாற்றும் ஒரு நிமிடத்தில் பிரஷர் சடாரென்று விழவும் கூடும். இரண்டாவது பம்பில் புதிய சிரிஞ்சை ஓடவிட்டு, பிரஷர் ஏறத் தொடங்கியதும் பழையதை நிறுத்துகிறார்கள் எங்கள் நேர்ஸ்மார். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு ஏதோ ஆபத்து நடக்கிறதுபோலத் தெரியும், உள்ளே நடப்பது வழக்கமான வேலை.

பதினொரு மணிக்குள் அளவு 0.28 ஆகிவிட்டது. பம்பில் மணிக்கு 12.6 மில்லி. ஏறிக்கொண்டே போகும்போது ஒரே மருந்தைத் துரத்திக்கொண்டிருக்காமல் வேறு வழியாக வேலை செய்கிற வாசோப்ரெஸினைச் சேர்ப்பது வழக்கம். அதைக் கூட்டிக் குறைப்பதில்லை, நிமிடத்துக்கு 0.03 யூனிற் என்று அப்படியே ஓடவிடுவோம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் ஹைட்ரோகோர்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டும் எழுதினேன். சராசரி 66இல் நின்றது.

ஏன் இவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதற்கு ஸ்கேன் பதில் சொன்னது. இடது சிறுநீரகக் குழாயில் கல் அடைத்து, மேலே சீழ் தேங்கியிருந்தது. அந்த அடைப்பு இருக்கும்வரை அன்டிபயோட்டிக்கும் நோரட்ரினலினும் எதிரில் ஓடுகிற வெள்ளத்தில் துடுப்புப் போடுகிற மாதிரிதான். நள்ளிரவில் யூரோலஜி டொக்டர் வந்து முதுகு வழியாக ஒரு குழாய் விட்டார், சீழ் வந்தது.

அம்மாவை ஐ.சி.யூ.வுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒன்றரை மணி. திரையில் சராசரி 55.

சீழை வெளியே எடுக்கும்போது கிருமி இரத்தத்துக்குள் தள்ளப்பட்டு, சில மணி நேரத்துக்கு நிலைமை மோசமாவது உண்டு. ஆகவே யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இளைய டொக்டர் எனக்குப் போன் எடுத்தபோது, கூட்டுங்கள் என்று சொன்னது நான்தான். 0.32, அப்புறம் 0.36. திரையில் 66 வந்தது. எல்லாரும் மூச்சு விட்டோம்.

அரை மணி நேரம் கழித்து நேரில் போய்ப் பார்த்தபோது எனக்கு ஒன்று பொருந்தவில்லை. நாடித்துடிப்பு 112இலிருந்து 138க்கு ஏறி இடையிடையே தப்பித் துடித்தது. ஆனால் அம்மா கண்ணைத் திறந்து மகளின் பெயரைச் சொன்னார், கால் பாதம் சூடாக இருந்தது. விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்திவிட்டு விட்டால் மூன்று விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும், இரண்டில் திரும்பியது. இது பிரஷர் 55க்கு விழுந்த ஆளின் உடம்பு இல்லை.

தமனிக்குள் போட்ட குழாய் ஒரு சின்னக் கருவியோடு இணைந்திருக்கும். அந்தக் கருவி இதயத்தின் உயரத்தில், நெஞ்சின் பக்கவாட்டு நடுக்கோட்டில் இருந்தால்தான் எண் சரி. எங்களுடைய கருவி கட்டில் பக்கத்துக் கம்பத்தில் பொருத்தப்பட்டது. நோயாளியை மாற்றிப் படுக்கவைக்கக் கட்டிலைக் கீழே இறக்கியிருக்கிறார்கள், கம்பத்தில் இருந்தது அங்கேயே நின்றுவிட்டது. ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் வித்தியாசம். கருவி மேலே இருந்தால் எண் குறைவாகக் காட்டும், 15 சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 11. கையில் பட்டி கட்டி அளந்தோம், 76. அதாவது முதலில் 55 என்று தெரிந்தது உண்மையில் 66. நாங்கள் கூட்டியிருக்கவே தேவையில்லை.

பிரஷர் இருந்த ஆளுக்கு இலக்கை இன்னும் உயர்த்தினால் நல்லதுதானே என்று பலர் கேட்பார்கள், எங்களுக்குள்ளும் கேட்டுக்கொள்வோம். 2014இல் பிரான்ஸில் 776 பேரை வைத்து, ஒரு பாதிக்கு 65 முதல் 70, மறு பாதிக்கு 80 முதல் 85 என்று பார்த்தார்கள். 28 நாளில் இறப்பில் வித்தியாசம் இல்லை. உயர்ந்த இலக்கில் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவது கூடியது. ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களில் டயாலிசிஸ் தேவைப்படுவது குறைந்தது என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே இந்த அம்மாவைப் போன்ற ஒருவருக்கு, சலம் இறங்கவில்லை என்றால் சில மணி நேரம் 75ஐ வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. நாங்கள் அதைத் தெரியாமலே செய்து பார்த்துவிட்டோம்: 76இலும் சலம் மணிக்கு 20 மில்லிதான், கூடியது நாடித்துடிப்பு மட்டும். இவருக்கு அந்தக் கூடுதல் பத்தால் பலனில்லை.

கருவியைச் சரியான உயரத்துக்கு இறக்கி, பூஜ்ஜியமாக்கி, ஒரு மணி நேரத்துக்குள் 0.26க்குக் கொண்டுவந்தோம். துடிப்பு அடங்கியது. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் கட்டிலை நகர்த்தினால் மருந்தில் கை வைப்பதற்கு முன் கருவியின் உயரத்தைப் பார்ப்பது எழுதாத சட்டம்.

கூட்டுவதைவிடக் குறைப்பதைத்தான் ஐ.சி.யூ.க்களில் மறந்துவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம். அளவு ஏறும்போது எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். சராசரி 82 என்று அழகாக நின்றால் யாரும் கிட்ட வரமாட்டார்கள். ஆனால் 65 போதுமான ஒருவருக்கு 82 என்றால், தேவையில்லாத மருந்து விரல்நுனிக்கும் குடலுக்கும் போகிற இரத்தத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அளவு மிக உயர்ந்து நீண்ட நேரம் ஓடியவர்களின் விரல்கள் கறுத்துப்போனதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விடியப்புறம் அம்மாவின் சராசரி 70ஐத் தாண்டத் தொடங்கியதும், நேர்ஸ் அரை மணிக்கொருமுறை 0.02 என்று இறக்கிக்கொண்டே வந்தார். ஆறு மணிக்கு 0.18, ஒன்பது மணிக்கு 0.12. இடையில் ஒருமுறை 61க்கு விழுந்தது, ஒரு படி மேலே போய், ஒரு மணி நேரம் விட்டுத் திரும்ப இறக்கினார். நோரட்ரினலின் 0.06க்கு வந்த பிறகுதான் வாசோப்ரெஸினை நிறுத்தினோம். இந்த வரிசையை ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு மாதிரிச் செய்யும், சண்டை பிடிக்க வேண்டாம்.

காலையில் மகள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு முகம் வாடிக் கேட்டார்: "நேற்று இரவு 76 எண்டு இருந்தது, இப்ப 67தான் காட்டுது. குறைஞ்சு போச்சே டொக்டர்?" நியாயமான கேள்வி. அந்த 76க்கு 0.36 ஓடியது, இந்த 67க்கு 0.12தான் ஓடுகிறது என்று பம்பைக் காட்டினேன். பிரஷர் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும், எவ்வளவு மருந்தில் என்றும் கேளுங்கள். லக்டேற் 4.6இலிருந்து 2.1க்கு வந்திருந்தது, சலம் மணிக்கு 45 மில்லி.

அடுத்த நாள் மத்தியானம் பம்பை நிறுத்தினோம். இரண்டு மணி நேரம் மருந்தில்லாமல் 68. மகள் கைப்பையிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய குளிசை அட்டையை எடுத்தார்.

"இனி அம்மாட பிரஷர் குளிசையைத் தொடங்கலாமா?"

"இன்னும் வேண்டாம். வாட்டுக்குப் போகட்டும், மேல் எண் தானாகவே 140ஐத் தாண்டத் தொடங்கட்டும். அதுவரைக்கும் அதைக் கைப்பையிலேயே வச்சிருங்கோ."