வீட்டிலிருந்து: ஒரே வார்த்தை, பதினாலு துண்டு

செந்தூல்ல ஒரு கொண்டோ மேனேஜ்மெண்டுக்கு, வாட்ஸ்அப்ல வர்ற கம்ப்ளைண்டை தண்ணி, லிஃப்ட், பார்க்கிங்னு பிரிச்சுப் போடற சின்ன புரோகிராம் ஒண்ணு எழுதிக் குடுத்தேன். மலாய், இங்கிலீஷ் எல்லாம் ஒழுங்கா போச்சு, தமிழ் மட்டும் கண்ட இடத்துல போய் விழுந்துச்சு. "வீட்டுக்கு தண்ணி வரல"ன்னு ஒரு அக்கா அனுப்பினது உள்ள போனதும் என்ன ஆகுதுன்னு பிரிண்ட் பண்ணிப் பாத்தா "தண", "வரல", அவ்ளோதான். வீடே காணோம்.

காரணம் ரொம்ப சின்னது. யூனிகோட்ல "வீ" ஒரே எழுத்து இல்ல, வ தனி, அதுக்கு மேல போடற குறி தனி. பைத்தானோட ரெஜெக்ஸ்ல, அதாவது எழுத்தைத் தேடற விதியில, `\w` க்கு வ எழுத்து, ஆனா குறியும் புள்ளியும் எழுத்தே கிடையாது.

```python
import re
re.findall(r"\w+", "வீட்டிலிருந்து")
# ['வ', 'ட', 'ட', 'ல', 'ர', 'ந', 'த']
```

நான் யூஸ் பண்ண, வார்த்தைகளை எண்ணித் தர்ற `CountVectorizer` ஒத்தை எழுத்தா நிக்கறதை தூக்கிப் போட்டுடும், அதான் வீடு போச்சு. தண்ணியும் தண்டனையும் ரெண்டுமே "தண"ன்னு ஆரம்பிக்கும், கேக்கவே வேணாம். `token_pattern=r"[\u0B80-\u0BFF]+|\w\w+"`னு மாத்தினா இந்த பிரச்சனை தீந்துடும்.

பெரிய மாடல்லயும் இதே கதை நடந்திருக்கு. 2019ல வந்த ஜிபிடி-2ல டெக்ஸ்டை டோக்கன்ங்கற துண்டா வெட்டற டோக்கனைசர், அடிக்கடி ஒண்ணா வர்ற பைட்டுகளை ஒட்டி ஒட்டி டோக்கன் ஆக்கும், ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு ரெஜெக்ஸ் வச்சு வெட்டிடும், அதுவும் குறியை எழுத்தோட சேக்காது. "வீட்டிலிருந்து"ல குறி, புள்ளியோட சேத்து 14 யூனிகோட் குறியீடு, ஒவ்வொண்ணும் 3 பைட், மொத்தம் 42. நடு நடுவுல வெட்டிட்டா எவ்ளோ தமிழ் டேட்டா குடுத்தாலும் 14 டோக்கனுக்கு கீழ வரவே முடியாது. இங்கிலீஷ்ல "ஃப்ரம் த ஹவுஸ்" மூணே டோக்கன். 2024ல ஜிபிடி-4ஓ வந்தப்ப குறியையும் சேத்து வெட்டற மாதிரி ரெஜெக்ஸை மாத்தினாங்க, அகராதியையும் பெருசாக்கினாங்க, ஓப்பன்ஏஐ காட்டின தமிழ் வாக்கியம் முந்தின டோக்கனைசர்ல இருந்த 116 டோக்கன்லேருந்து 35க்கு இறங்குச்சு.

சரி, எண்ணிக்கை குறைஞ்சுடுச்சு, ஆனா எங்க வெட்டறதுங்கறது இன்னும் அப்படியேதான் இருக்கு. மலாய்ல டி ருமா, கெ ருமா, டாரி ருமா, எப்படி சொன்னாலும் ருமா ருமாவாவே இருக்கும். நம்ம வீடு அப்படி இல்ல லா, "இல்" வந்து ஒட்டினா ட் ரெட்டிக்கும், கடைசி உகரம் ஓடிடும், "இ" போய் ட் மேல ஏறி "டி" ஆயிடும். அப்போ வீடு எங்க முடியுது, இல் எங்க ஆரம்பிக்குது? "டி"ங்கற ஒரே எழுத்துக்குள்ள. அதே "இல்" மலையில் "யில்", மரத்தில் "த்தில்"னு வேஷம் மாத்திட்டு வரும், டோக்கனைசருக்கு இதெல்லாம் வேற வேற ஆளு.

எம்பெடிங்ல, அதாவது வார்த்தையை வெக்டர்ங்கற நம்பர் வரிசையா மாத்தறதுல, இது எப்படி அடிக்குதுன்னு பாருங்க. ஃபாஸ்ட்டெக்ஸ்ட்ங்கற டூல் வார்த்தையை 3லேருந்து 6 யூனிகோட் குறியீடு நீளத்துக்கு துண்டு போட்டு, துண்டுகளோட வெக்டரை சேக்கும். வார்த்தைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு எல்லைக் குறி போட்டுக்கும், அதையும் சேத்து "வீட்டிலிருந்து"க்கு 50 துண்டு. அதுல "காட்டிலிருந்து"வோட பொதுவா இருக்கறது 38. "வீடு"வோட பொதுவா இருக்கறது மூணே மூணு! அப்போ "வீட்டிலிருந்து"க்கு பக்கத்துல "வீடு" வராம "காட்டிலிருந்து" வந்து நிக்கும். 6 குறியீடுன்னா தமிழ்ல பல சமயம் மூணெழுத்துதான், அதனால நீளத்தை கூட்டிப் பாப்பாங்க, கொஞ்சம் உதவும், ஆனா பின்னாடி ஒட்டற வால் பெருசா இருக்கற வரைக்கும் வால்தான் ஜெயிக்கும்.

நான் பண்ணது, வெக்டருக்கு போறதுக்கு முன்னாடியே வாலை வெட்டி, தலையை பழைய ரூபத்துக்கு திருப்பறது: "வீடு +இல் +இருந்து". மார்ஃபெசர் மாதிரி டூல் டேட்டாவை பாத்து தானா துண்டு போடும், ஆனா எழுதியிருக்கற ரூபத்தைத்தான் வெட்டும், "வீட்ட்"ங்கறதை "வீடு"ன்னு திருப்பித் தராது. அதுக்கு கையால விதி எழுதணும். எழுதினேன். ஆனா அந்த அக்கா "வீட்டிலிருந்து"ன்னா எழுதுவாங்க? "வீட்லேருந்து", "வீட்டுலருந்து", "வீட்ல இருந்து", இதுக்கெல்லாம் தனித்தனியா விதி போட்டு உக்காந்தேன், ரெண்டு வாரம் போச்சு.

பெரிய மாடல்காரங்க வேற வழி போறாங்க. 2023ல தமிழ்-லாமா பண்ணவங்க லாமா 2வோட 32,000 டோக்கனோட 16,000 தமிழ் டோக்கனை சேத்தாங்க. புது டோக்கனுக்கு வெக்டர் எதுவும் இருக்காது, பல பேர் அதோட பழைய துண்டுகளோட சராசரியை வச்சு ஆரம்பிச்சு, தமிழ் டெக்ஸ்ட் குடுத்து திரும்ப டிரெயின் பண்ணுவாங்க. அந்த டிரெயினிங்கை சுருக்கினா புது டோக்கன் வெறும் பேருக்குதான் இருக்கும்.

என் புரோகிராம்ல இப்போ பிடிபடாம நிக்கறது ஒண்ணு: "வீட்டுக்காரர் சாவி எடுத்துட்டு போயிட்டாரு". வீடு, காரர்னு சரியாதான் வெட்டுது. ஓனரா, புருஷனான்னு அந்த துண்டுல இல்லையே.