மீதி 176: பலகைத் தரைக்கு எத்தனை பலகை வேண்டும்?

மண்டபம் ஊரில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அக்கா வீட்டின் மாடி அறைக்குத் தேக்குப் பலகைத் தரை போட்டபோது, கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். அறை 5000 மி.மீ. நீளம், 3400 மி.மீ. அகலம். பலகை 1200 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம். பரப்பைப் பலகையின் பரப்பால் வகுத்தால் 118 சொச்சம் வந்தது. எல்லோரும் செய்வதுபோலச் சேதாரத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டி 130 பலகை வாங்கினோம்.

26 வரிசை முடிந்ததும் பலகை தீர்ந்துவிட்டது. சுவரோரம் இரண்டு வரிசை, ஒரு முழம்கூட அகலமில்லாத பட்டை, வெறும் சிமெண்டாகக் கிடந்தது. ஆனால் மூலையில் துண்டுகள் மலைபோலக் குவிந்திருந்தன. அவற்றை நீளவாக்கில் அடுக்கி அளந்தேன். ஏறக்குறைய 22 பலகையின் நீளம் வந்தது. மரம் குறையவில்லை. துண்டாகிப்போயிருந்தது.

பரப்பைப் பரப்பால் வகுக்கும் கணக்கு, பலகையை மாவு மாதிரி நினைக்கிறது. எந்தத் துண்டும் எங்கேயும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறது. பலகையோ மூன்று கட்டுக்குள் நிற்கிறது. முதல் கட்டு, பக்கத்து வரிசைகளின் முனை மூட்டுகள் நெருங்கி வரக் கூடாது. மிதிக்கும்போது ஒரு மூட்டின் பாரத்தைப் பக்கத்துப் பலகைதான் தாங்குகிறது. அங்கேயும் மூட்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து அசையும், நாளடைவில் கிறீச்சிடும். பாம்பனில் வத்தைப் படகு கட்டுகிறவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்: அடுத்தடுத்த பலகையின் மூட்டை ஒரே இடத்தில் விடாதே. தரைக்கு, பலகை அகலத்தைப்போல இரண்டரை மடங்காவது தள்ளியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். நம் பலகைக்கு அது 300 மி.மீ. இரண்டாவது, சுவரோரம் வரும் துண்டும் 300-க்குக் குறையக் கூடாது. கையளவு துண்டு நிலையாக நிற்காது.

மூன்றாவது கட்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பலகையின் ஒரு முனையில் நீட்டி நிற்கும் நாக்கு, மறுமுனையில் அடுத்த பலகையின் நாக்கு இறங்கும் பள்ளமான காடி. வரிசையை இடமிருந்து வலமாகப் போடுகிறோம் என்றால், கடைசிப் பலகையை அறுத்து மிஞ்சும் துண்டுக்கு வலது முனை மட்டும் முழுசாக இருக்கும். அறுபட்ட முனை இடது சுவரைப் பார்த்து நிற்கலாம். ஆக, அது இன்னொரு வரிசையின் தொடக்கத்துக்கு மட்டுமே ஆகும். அதேபோல, தொடக்கத் துண்டை அறுத்து மிஞ்சியது இன்னொரு வரிசையின் முடிவுக்கு மட்டுமே ஆகும். துண்டுக்கும் இடக்கை, வலக்கை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீளக் கணக்குக்கு வருவோம். இரண்டு முனையிலும் சுவரிலிருந்து 12 மி.மீ. விட்டால் வரிசையின் நீளம் 4976. அதை 1200-ஆல் வகுத்தால் நான்கு பலகை போக மீதி 176. இந்த மீதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நான்கு முழுப் பலகை வைத்தால் ஓரத்தில் 176-க்குத் துண்டு வரும், அது ஆகாது. எனவே நடுவில் மூன்று முழுப் பலகை, மிச்சம் 1376 மி.மீ. இரண்டு முனைக்கும் பங்கு. தொடக்கம் 900 என்றால் முடிவு 476. தொடக்கம் 500 என்றால் முடிவு 876. ஆசாரி அண்ணன் இந்த இரண்டு அளவையும்தான் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். மூட்டு விலகல் 400, அதில் குறையே இல்லை. ஆனால் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பலகையை அறுத்தார். வரிசைக்கு ஐந்து பலகை. 26 வரிசைக்குச் சரியாக 130. முழு அறைக்கு 140 வேண்டியிருந்திருக்கும்.

சரி, மிஞ்சிய துண்டை அப்படியே அடுத்த வரிசையின் தொடக்கத்தில் வைத்தால்? நிறைய பேர் அப்படித்தான் போடுகிறார்கள். அங்கேதான் மீதி தன் வேலையைக் காட்டுகிறது. முதல் வரிசை 1020-இல் தொடங்கினால் முடிவுத் துண்டு 356. 1200 பலகையில் 356 போக, ரம்பத்தின் வாய் தின்பது 3, மிஞ்சுவது 841. அடுத்த வரிசை 841-இல் தொடங்கும். அதன் மிச்சம் 662. அதற்கடுத்து 483. பிறகு 304. ஒவ்வொரு முறையும் மூட்டு 179 மி.மீ. மட்டும் நகர்கிறது, அதாவது மீதி 176-உம் ரம்பம் தின்ற 3-உம். எந்த அளவில் தொடங்கினாலும் இது மாறாது. நமக்கு வேண்டியது 300. பலகை மிச்சமாகும், ஆனால் மூட்டுகள் படிக்கட்டுபோல நெருங்கி இறங்கும்.

இதற்கு வழி இருக்கிறது. அறுக்கும் வரிசையும் பதிக்கும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. மேலே வந்த ஐந்து தொடக்கங்களையும் ஒரு குடும்பமாக எடுத்துக்கொண்டு, ஒன்று விட்டு ஒன்றாகப் பதித்தால் போதும்: 1020, 662, 304, 841, 483, மறுபடியும் 1020. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பாருங்கள். 358, 358, 537, 358, 537. எங்கேயும் 300-க்குக் கீழே போகவில்லை. கோலத்தில் ஐந்து புள்ளி வைத்து ஒன்று விட்டு ஒன்றாக இழுத்தால் நட்சத்திரம் வருமே, அதே நடைதான்.

இந்தக் குடும்பத்துக்கு எத்தனை பலகை? ஐந்து வரிசைக்கு நடுவில் 15 முழுப் பலகை. முடிவுத் துண்டுகளுக்கு ஐந்து. முதல் தொடக்கத்துக்கு ஒன்று. மற்ற நான்கு தொடக்கமும் முடிவுப் பலகைகளின் மிச்சத்திலிருந்தே வந்துவிடும். மொத்தம் 21. குப்பைக்குப் போவது 177-இல் ஒரு துண்டும் 125-இல் ஒரு துண்டும்தான். 28 வரிசையில் இப்படி ஐந்து குடும்பம், அதாவது 25 வரிசை, 105 பலகை. எஞ்சிய மூன்று வரிசைக்கு 13. ஆக 118. ஒரே அறை, ஒரே பலகை, ஒரே மூட்டு விதி. ஒரு வழியில் 140, இன்னொரு வழியில் 118.

இடையில் ஒரு வழியும் உண்டு. 900-உம் 500-உமாகப் போட்டு, 476-இன் மிச்சத்தை 500-க்குப் பயன்படுத்தினால் 126-இல் முடியும். ஆனால் ஒன்று விட்ட வரிசையில் மூட்டுகள் நேராக வந்து நிற்கும், கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது பிடிக்காது.

எல்லா அறைக்கும் ஐந்து வரிசைக் குடும்பம் என்று எண்ணிவிட வேண்டாம். வரிசை நீளத்தின் மீதி 400 என்று வந்திருந்தால், மிச்சத் துண்டை அப்படியே அடுத்த வரிசைக்குக் கொண்டுபோனாலே மூட்டு போதுமான அளவு விலகியிருக்கும். மீதி 1076 என்று வந்தால் ஒரே பலகையை அறுத்து அதே வரிசையின் இரண்டு முனைக்கும் வைத்துவிடலாம். மீதியைப் பார்க்காமல் சொல்லும் பத்து விழுக்காடு ஒரு அறைக்கு அதிகம், இன்னொரு அறைக்குக் குறைவு.

அகலத்துக்கு வருவோம். கடலோரத்தில் இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். முதலில், 120 என்பது தரையில் தெரியும் அகலம். நாக்கையும் சேர்த்து அளந்தால் 126. அந்த 126-ஐ வைத்து வகுத்தால் ஒரு வரிசைக்குமேல் குறைவாக வாங்கிவிடுவோம். பத்துப் பலகையைக் காடியில் நாக்கு நன்றாக இறங்கும்படி சேர்த்து வைத்து மொத்தமாக அளந்து, பத்தால் வகுப்பதே நம்பத்தக்க வழி.

பக்கவாட்டிலும் 12 மி.மீ. விட்டால் மிச்சம் 3376. 28 வரிசை 3360 எடுத்துக்கொள்ளும். மீந்த 16 மி.மீ.க்கு ஒரு ஈர்க்குச்சி வரிசை போட முடியாது. பக்கத்துக்கு 20 மி.மீ. இடம் விட்டு, 28 வரிசையோடு நிறுத்தி, ஸ்கர்ட்டிங்கோடு ஒரு பீடிங் வைத்து மூடிவிடலாம். இது கணக்கு நேராவதற்காகச் செய்யும் சமாளிப்பு இல்லை. மரத்துக்கே அந்த இடம் வேண்டும்.

தேக்கு ஈரம் வாங்கினால் நீளத்தில் ஏறக்குறைய வளராது, அகலத்தில் வளரும். வளையங்களை ஒட்டி அறுத்த பலகையில், மரத்தின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு ஏறினால் அகலம் சுமார் 0.19 விழுக்காடு கூடும். உள்நாட்டுக் கிடங்கில் பத்து விழுக்காட்டு ஈரத்தில் இருந்த பலகை, நம் கடற்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் 14 வரை போகலாம். நான்கு விழுக்காடு ஏற்றம். ஒரு பலகைக்கு ஒரு மி.மீ.கூட இல்லை. ஆனால் 28 வரிசை சேர்ந்தால் 25 மி.மீ.! இரண்டு பக்கமும் 12, மொத்தம் 24 மட்டுமே விட்டிருந்தால் தரை சுவரை முட்டி நடுவில் எழும்பும். 20-உம் 20-உமாக விட்டால் மூச்சுவிட இடம் இருக்கும்.

பலகை வந்த அன்றே பதிக்காமல், அறைக்குள் இடையிடையே குச்சி வைத்து அடுக்கி இரண்டு வாரம் காற்றாட விடுவது நல்லது. அந்தப் பத்துப் பலகையை மறுபடியும் சேர்த்து அளந்து பாருங்கள். 1200 இருந்தது 1209 ஆகியிருந்தால் ஈரம் ஏறி முடிந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அப்போது வரிசைக் கணக்கையும் புது அளவில் போட வேண்டும்.

அக்கா அறையில் குறைந்த இரண்டு வரிசைக்கு எட்டுப் பலகை வாங்கினோம். மூலைக் குவியலில் இருந்தே ஒரு வரிசையின் தொடக்கமும் மற்றதன் முடிவும் கிடைத்தன. வேறு மரத்தில் அறுத்த பலகை என்பதால் நிறம் சற்று வெளுப்பு. அதன்மேல் அலமாரி நிற்கிறது.

அதே அளவில் இருந்த பக்கத்து அறைக்கு அடுத்த கோடையில் 124 பலகை வாங்கினோம். கணக்குப்படி 118, முடிச்சு, வெடிப்பு, நாக்கு உடைவதற்கு ஆறு. அதே ஆசாரி அண்ணன்தான். முதல் நாள் பதிக்கவே இல்லை, அறுத்து அறுத்து ஒவ்வொரு துண்டின் முதுகிலும் வரிசை எண்ணைப் பென்சிலில் எழுதி வைத்தார். “முன்னாடியே துண்டைப் பார்த்துட்டா வேலை ஓடுது தம்பி” என்றார். நான்கு முழுப் பலகை மிஞ்சியது.

கார்த்திகை மழையில் பீடிங்கை ஓரிடத்தில் கழற்றி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே அளவுகோலை விட்டுப் பார்த்தேன். 20 விட்ட இடத்தில் ஒரு பக்கம் 9, எதிர்ப்பக்கம் 8.