கோளக்கோண மிகை

சர்வே பாடத்தில் ‘ஸ்ஃபெரிகல் எக்ஸஸ்’ என்று வருவதைக் ‘கோள மிகை’ என்று சொல்லிவிடலாம். ஆனால் மிஞ்சுவது கோளமல்ல, கோணம். அதனால் ‘கோளக்கோண மிகை’ என்பதே சரியாகப் படுகிறது. ‘எக்ஸஸ்’ என்பதன் லத்தீன் வேருக்கும் ‘தாண்டிப் போதல்’ என்றுதான் பொருள்.

தாண்டப்படுவது நேர்கோணம். தாளில் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும். பந்தின் மேல், அதைச் சரிபாதியாகப் பிரிக்கும் பெருவட்டங்களின் வில்களால் வரைந்தால் அதைவிடக் கூடுதலாக வரும். அந்தக் கூடுதல்தான் மிகை. முக்கோணம் எவ்வளவு பரப்பை அடைக்கிறதோ அதே விகிதத்தில் மிகையும் வளரும்.

புதுச்சேரி ஏறத்தாழ 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அந்த ரேகை, கிரீன்விச் ரேகை, நிலநடுக்கோடு மூன்றும் வட துருவத்தை உச்சியாகக் கொண்ட ஒரு முக்கோணத்தை அடைக்கின்றன. அடியில் இரண்டு செங்கோணம், உச்சியில் 80 பாகை. கூட்டினால் 260, மிகை 80. துருவத்திலிருந்து துருவம் வரை நீளும் சுளை, உருண்டையில் 360-ல் 80 பங்கு. முக்கோணம் அதில் பாதி, அதாவது 720-ல் 80 பங்கு. ஒன்பதில் ஒன்று! பூமியின் 51 கோடி சதுர கிலோமீட்டரில் சுமார் 5.67 கோடி.

செங்கோணமே இல்லாத முக்கோணத்துக்கும் மிகையை 720-ஆல் வகுத்தால் போதும். 1629-ல் இதை அச்சில் வெளியிட்டவர் ஆல்பர்ட் ஜிரார்டு. தாமஸ் ஹாரியட் 1603-லேயே கண்டுபிடித்து, வெளியிடாமல் வைத்திருந்தார். ரேடியனில் எழுதிய மிகையை E என்றும் உருண்டையின் ஆரத்தை R என்றும் வைத்தால் வாய்பாடு இது:

பரப்பு = E × R²

நம் ஊர் அளவில் கதை தலைகீழாகிறது. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்றையும் இணைத்தால் சுமார் 370 சதுர கி.மீ. பூமியில் ஏறக்குறைய 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விநாடி மிகை. விநாடி என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு. ஆக இங்கே மிகை 1.9 விநாடிதான். தியோடலைட்டில் கோணக் கூட்டுத்தொகை ஒரே ஒரு விநாடி பிசகினாலும் பரப்பு பாதிக்கு மேல் தப்பாகிவிடும். எனவே நில அளவையில் கோணத்திலிருந்து பரப்பை எடுப்பதில்லை. பக்கங்களைக் கொண்டு பரப்பைத் தோராயமாகக் கணக்கிட்டு, அதிலிருந்து மிகையைப் பெறுகிறார்கள். சின்ன முக்கோணத்துக்குத் தட்டைப் பரப்பே போதும்.

பெற்ற மிகை பிழையைச் சலிக்க உதவுகிறது. அளந்த மூன்று கோணங்களின் கூட்டு 180 பாகை 3.4 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மிகையை மறந்தவர் 3.4 விநாடியையும் பிழை என்று கழித்துவிடுவார். 1.9-ஐ ஒதுக்கினால் உண்மையான பிழை 1.5; கோணத்துக்கு 0.5 வீதம் கழிக்க வேண்டும். 1802-ல் வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரிய முக்கோண அளவையில் இந்தக் கணக்கு தவிர்க்க முடியாதது. கடலூரை அடுத்த திருவந்திபுரம், அவர் முதலில் அளந்த தீர்க்கரேகை வில்லின் தென்முனை.

மனை அளக்கும் சர்வேயருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு ஏக்கருக்கு மிகை, ஒரு விநாடியில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான்.