மாட்டுங்கா காப்பிக் கொட்டையும் ஒரு வர்க்கமூலமும்

மும்பை மாட்டுங்காவில் என் மாமாவுக்குக் காப்பிப்பொடிக் கடை. சிக்கமகளூரிலிருந்து பச்சைக் கொட்டை வரவழைத்து, கடையிலேயே வறுத்து அரைத்துத் தருவார். பரணில் எப்போதும் மூட்டை அடுக்கியிருக்கும். அப்படியும் போன ஜூலையில் நாலு நாள் கொட்டையில்லாமல் வறுக்கும் உருளை சும்மா கிடந்தது. "600 கிலோ 600 கிலோவா வாங்குறேனேடா, எப்படித் தீர்ந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருந்தன. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்பது ஒன்று. எப்போது சரக்குக்குச் சொல்லிவிடுவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

முதலில் எவ்வளவு. கடையில் நாளுக்கு 12 கிலோ போகிறது. 300 வேலை நாளுக்கு 3,600 கிலோ. ஒரு தடவை வரவழைக்க லாரி புக்கிங், வடாலாவிலிருந்து டெம்போ, ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். மூன்று மூட்டை வந்தாலும் பன்னிரண்டு வந்தாலும் இது மாறாது. கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் லாரி வாடகை இதில் சேராது, அது கொட்டை விலையோடு போய்விடும். இந்த இடத்தில்தான் பலர் கணக்கைக் கெடுத்துக்கொள்வார்கள்.

வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. கொட்டை கிலோ 500 ரூபாய். அதில் முடங்கும் பணத்துக்கு வட்டி 18 சதவீதம். மும்பை ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கழிவது, இன்ஷூரன்ஸ் எல்லாம் 6 சதவீதம். ஆக ஒரு கிலோவை ஒரு வருஷம் வைத்திருக்க 120 ரூபாய். பரண் மாமாவுடையது, காலியாக இருந்தாலும் வாடகை மிச்சமாகப் போவதில்லை, அதனால் அதைச் சேர்க்கவில்லை.

நிறைய வாங்கினால் டெம்போ செலவு குறையும், வட்டி ஏறும். கொஞ்சமாக வாங்கினால் தலைகீழ். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு. அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்ட் ஹாரிஸ் 1913இல் இதற்கு எழுதிய சூத்திரம்தான் இன்றும் பி.காம். புத்தகத்தில் சிக்கன ஆணை அளவு, சுருக்கமாக EOQ, என்று வருகிறது. D வருஷத் தேவை, S ஒரு தடவை வரவழைக்கும் செலவு, H ஒரு கிலோவை ஒரு வருஷம் வைத்திருக்கும் செலவு:

EOQ = √(2DS/H) = √(2 × 3600 × 1500 / 120) = √90000 = 300

ஆக 300 கிலோ, ஆறு மூட்டை. வருஷத்துக்கு 12 தடவை வரவழைக்க 18,000 ரூபாய். கையிருப்பு 300இல் தொடங்கிப் பூஜ்யம் வரை இறங்குவதால் சராசரி 150 கிலோ. அதை வைத்திருக்க 18,000. மொத்தம் 36,000.

மாமாவின் 600 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தேன். வரவழைக்க 9,000, வைத்திருக்க 36,000, மொத்தம் 45,000. அளவு இரண்டு மடங்கு தப்பியும் செலவு கால் பங்குதான் கூடியிருக்கிறது. 400 கிலோ என்றால் 37,500. வெறும் 4 சதவீதம் அதிகம். வர்க்கமூலம் தப்பை அமுக்கிவிடுகிறது. அதனால் டெம்போ செலவு 1,400ஆ 1,600ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொட்டைக்காரர் 600 கிலோவுக்குக் கிலோவில் 8 ரூபாய் குறைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடலாம்: கூடும் செலவு சுமார் 9,000, மிச்சம் 28,800.

எப்போது என்ற கேள்வி இப்படி மன்னிக்காது. சொல்லிவிட்டால் சாதாரணமாக 6 வேலை நாளில் சரக்கு வரும். 6 × 12 = 72 கிலோ மீதியிருக்கும்போது மாமா போன் போடுவார். ஜூலையில் மலைப்பாதையில் மண் சரிந்து லாரி வர 10 நாள் ஆனது. கையிலிருந்தது ஆறு நாளில் தீர்ந்தது. மிச்சம் நாலு நாள்தான் உருளை ஓடாத நாலு நாள். வாங்கியது 600ஆ 300ஆ என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் 300க்கு மாறினால் வருஷத்துக்கு 6 தடவை இருந்த இந்த ஆபத்து 12 தடவை ஆகும். அளவைக் குறைப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

எவ்வளவு மீதியிருக்கும்போது போன் போடுவது என்ற மறு ஆணை நிலையைச் சராசரியில் வைக்கக் கூடாது. மோசமான நாளை வைத்துப் போட வேண்டும். அதிகபட்ச விற்பனை நாளுக்கு 15 கிலோ, அதிகபட்சத் தாமதம் 10 நாள்; 15 × 10 = 150 கிலோ. இதில் 72 போக மீதி 78 கிலோ காப்பு இருப்பு. அதை வருஷம் முழுக்க வைத்திருக்க 9,360 ரூபாய் ஆகும். கொஞ்சம் அதிகப்படியான ஜாக்கிரதைதான். இரண்டு கெடுதலும் ஒரே சமயத்தில் வருவது அபூர்வம். மழை நின்றபின் காப்பைப் பாதியாக்கலாம். ஆனால் நாலு நாள் கடைக்கு வந்து திரும்பிய வாடிக்கைக்காரர் அடுத்த தெருக் கடைக்குப் பழகிவிட்டால் அந்த நஷ்டம் எந்தச் சூத்திரத்திலும் வராது.

இந்தக் கணக்கு பச்சைக் கொட்டைக்கு மட்டும். அது மாதக்கணக்கில் தாங்கும். வறுத்த கொட்டைக்கு வாசனை போய்விடும், அதை அன்றன்றைக்கு வறுப்பதே வழி.

மாமாவுக்கு வர்க்கமூலமெல்லாம் வேண்டாம் என்றார். சரி என்று, பரணின் உள்பக்கம் மூன்று மூட்டையை ஒதுக்கி அதன் வாயில் சிவப்புக் கயிறு கட்டினோம். மூன்று மூட்டை, 150 கிலோ. சிவப்புக் கயிற்றை அவிழ்க்கும் பையன், அவிழ்ப்பதற்கு முன் சிக்கமகளூருக்கு போன் போட வேண்டும்.