“அவர் என்னிடம் பணமே கேட்டதில்லை”

இணையக் காதல் மோசடியில் பணத்தை இழந்துவிட்டு வழக்கறிஞரைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: “சார், அவர் என்கிட்ட ஒரு ரூபாகூடக் கேட்டதில்லை. அதனாலதான் நம்பினேன்.” போன வாரமும் ஒருவர் இதையே சொன்னார். மனம் ஆறாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காதல் மோசடி என்றால் அறிமுகமில்லாத ஒருவர் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, ஒருநாள் “எனக்கு அவசரமாகப் பணம் வேணும்” என்று கேட்பார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே காத்திருக்கிறார்கள். அது வராததால், எதிரில் இருப்பவர் நல்லவர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தியாவில் அதிகம் நடக்கும், அனுப்பிய பரிசு சுங்கத்தில் சிக்கிவிட்டதாகச் சொல்லும் ‘கஸ்டம்ஸ் பார்சல்’ வகையில் அந்தக் கேள்வி காதலரிடமிருந்து வராது. அவர் கொடுப்பவர். கேட்பது ‘அதிகாரி’. இரண்டு வேடங்களையும் ஒரே கும்பல் போடுகிறது, சில நேரம் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு.

புகார்களில் திரும்பத் திரும்ப வரும் வரிசையை ஒருவருக்கு நடந்ததுபோல எழுதிக் காட்டுகிறேன். அடையாளங்கள் யாருடையவையும் அல்ல. 47 வயது ஆசிரியை, கணவர் இல்லை, மகள் வெளியூரில் படிக்கிறாள். இரண்டாம் திருமணத்துக்காகத் திருமணத் தகவல் தளம் ஒன்றில் பதிந்திருக்கிறார். மான்செஸ்டரில் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் என்று ஒருவர் விருப்பம் அனுப்புகிறார். அப்பா இந்தியர், அம்மா ஆங்கிலேயர், அதனால் தமிழ் வராது என்கிறார். ஆங்கிலத்தில் மட்டும் பேசுவதற்கு அப்போதே ஒரு காரணம் தயார்.

இரண்டாம் நாளே “இந்தத் தளத்துக்கு அடிக்கடி வர முடியவில்லை, வாட்ஸ்அப்பில் பேசலாமா?” என்கிறார். தளத்தில் யாராவது புகார் செய்தால் கணக்கு முடங்கிவிடும், பேச்சும் தளத்தாரிடம் பதிவாக இருக்கும். வெளியே வந்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. எண் +44 என்று தொடங்குவதைப் பார்த்து இங்கிலாந்து என்று நம்பிவிடாதீர்கள். இணையம் வழியாக வாங்கும் மெய்நிகர் எண்ணை டெல்லியில் உட்கார்ந்தும் இயக்கலாம். இத்தகைய வழக்குகள் பலவற்றில் கைது நடந்ததும் டெல்லியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும்தான்.

அடுத்த ஐந்தாறு வாரம் பணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. காலையில் வணக்கம், மதியம் “சாப்பிட்டாயா”, இரவில் அரைமணி நேர அழைப்பு. பின்னாளில் இந்த உரையாடலை அச்செடுத்து வரிவரியாகப் படிக்கும்போதுதான் வேறொன்று தெரியும். அன்பான கேள்விகளுக்கு இடையே வீட்டின் கணக்கு முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும். “வீடு உன் பெயரில்தானே? பத்திரமாக வைத்துக்கொள்.” “மகள் கல்யாணத்துக்கு நகை சேர்த்துவிட்டாயா?” “அண்ணன் உன் முடிவுகளில் தலையிடுவாரா?” எவ்வளவு பணம் புரட்ட முடியும், யார் வந்து தடுப்பார்கள் என்ற இரண்டு விவரமும் இந்தக் கேள்விகளிலேயே கிடைத்துவிடுகின்றன. தடுக்கக்கூடியவர் யார் என்று தெரிந்ததுமே, “நான் நேரில் வந்து பேசும்வரை உன் வீட்டில் சொல்லவேண்டாம்” என்ற வரி வருகிறது. எத்தனையோ உரையாடல்களில் இந்த வரியைப் பார்த்தாயிற்று. இது வந்த அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டால் பாதி ஆபத்து கழிந்தது.

இந்தக் கட்டத்திலேயே ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு செய்தியின் கீழும் நேரம் இருக்கிறது. குளிர்காலத்தில் இங்கிலாந்து நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை மணி நேரம். நம் ஆசிரியைக்கு ஜனவரி முழுவதும் காலை வணக்கம் வந்தது நம் நேரம் ஆறு மணிக்கு. மான்செஸ்டரில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. தினமும் அந்நேரத்தில் விழித்திருந்து, நம் இரவு பத்தரைக்கு, அதாவது தன் மாலை ஐந்து மணிக்கு, “தூக்கம் வருகிறது” என்று விடைபெறும் அறுவை மருத்துவர் உண்டா? ஒரு மாதச் செய்திகளைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படங்களையும் குரலையும் கும்பலால் தயார்செய்ய முடிகிறது. மாதக்கணக்கில் இன்னொரு நாட்டு நேரத்தில் தூங்கி எழுவதுதான் அவர்களால் முடிவதில்லை.

“வீடியோவில் முகத்தைப் பார்த்தேனே” என்பார்கள். ஒரு நிமிடம், மங்கலாக, பிறகு “சிக்னல் இல்லை.” முன்பே எடுத்த படத்தையும் அப்படி ஓட்டலாம், முகத்தை மாற்றிக் காட்டும் செயலியும் இருக்கிறது. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு பார்சல். ஐபோன், நெக்லஸ், கைப்பை எல்லாம் பெட்டிக்குள் அடுக்கிய படம் வருகிறது. “கல்யாணச் செலவுக்கு 50,000 பவுண்டும் உள்ளே வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே” என்கிறார். கூரியர் ரசீது, பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் இணையதளம், எல்லாம் இருக்கும். அந்தத் தளமும் கும்பல் செய்ததுதான். மூன்றாம் நாள் காலை 10:12க்கு டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸ் என்று ஒரு பெண் அழைக்கிறார். ஆசிரியை வகுப்பில் இருக்கிறார், எடுக்கவில்லை. 10:15க்கு மான்செஸ்டரிலிருந்து செய்தி: “ஏன் போனை எடுக்கவில்லை? பார்சல் வந்துவிட்டதாம்.” மான்செஸ்டரில் அப்போது விடியற்காலை நாலே முக்கால். டெல்லி அதிகாரி அழைத்தது மூன்றே நிமிடத்தில் அவருக்கு எப்படித் தெரியும்? அச்செடுத்த தாளில் இந்த இரண்டு நேரத்தையும் வட்டமிட்டுக் காட்டினால் வந்தவர் பேச்சிழந்துபோகிறார். அன்றைக்கு அந்தப் பதற்றத்தில் அவர் கண்ணில் அது பட வழியில்லை.

முதல் தொகை சிறியது: 38,500 ரூபாய், பார்சலை விடுவிக்க. கட்டியதும் மறுநாள் “ஸ்கேனரில் வெளிநாட்டுப் பணம் தெரிகிறது, பணமோசடித் தடுப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும்” என்று 1,45,000. மாலை நான்கு மணிக்குள் கட்டாவிட்டால் பெறுபவர் மேல் வழக்கு. அப்படி ஒரு சான்றிதழை யாரும் காசு கட்டி வாங்குவதில்லை. ஆனால் இங்கேதான் ஆட்டம் மாறுகிறது. அதுவரை ஆசிரியை அன்பினால் கட்டினார், இனிப் பயத்தினால் கட்டுகிறார். போலீஸ் என்றதும் அவமானம் நினைவுக்கு வருகிறது, கட்டிய முதல் தொகையும் போய்விடுமே என்ற கவலை கூடுகிறது. காதலரோ அழுகிறார்: “என்னால்தான் உனக்கு இந்தக் கஷ்டம். கட்டிவிடு, பெட்டி வந்ததும் பவுண்டிலிருந்து எடுத்துக்கொள்.” கவனியுங்கள், இப்போதும் அவர் தனக்கென்று எதையும் கேட்கவில்லை. அடுத்தது பவுண்டை ரூபாயாக மாற்ற ரிசர்வ் வங்கிக் கட்டணம் 2,80,000, நகையை அடகு வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு வருமான வரி என்று 3,25,000. ஆக மொத்தம் 7,88,500 ரூபாய், நான்கு வெவ்வேறு கணக்குகளுக்கு. நான்கும் தனிநபர் கணக்குகள்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. பார்சலுக்குப் பதில் அவரே வருகிறார், டெல்லியில் இறங்கியதும் “அதிக பணம் கொண்டுவந்ததற்காகப் பிடித்துவிட்டார்கள்” என்று அதிகாரியிடமிருந்து அழைப்பு. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தியாவுக்குள் வருபவர் கொண்டுவரும் அந்நியச் செலாவணிக்கு உச்சவரம்பு கிடையாது. நோட்டாக 5,000 டாலருக்கு மேலோ, எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ இருந்தால் படிவத்தில் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அவரை விடுவிக்க இந்தியாவில் இருக்கும் தோழி தன் கைபேசியிலிருந்து பணம் அனுப்பும் ஏற்பாடு எந்த அலுவலகத்திலும் இல்லை.

கஸ்டம்ஸ் துறை தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ அழைத்துத் தனிநபர் கணக்கில் வரி கட்டச் சொல்லாது. அந்தத் துறையின் கடிதம் என்று எது வந்தாலும் அதில் ‘டின்’ எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். 2019 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. cbic.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடிதம் உண்மையா என்று சொல்லிவிடும். ரிசர்வ் வங்கி பொதுமக்கள் யாருக்கும் சேமிப்புக் கணக்கோ நடப்புக் கணக்கோ வைத்துக்கொள்வதில்லை, யாரிடமும் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதுமில்லை. இவையெல்லாம் நினைவில் நிற்காவிட்டால் ஒன்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள்: அரசுக் கட்டணம் என்று சொல்லி ஒரு மனிதரின் பெயரில் இருக்கும் கணக்கு எண் வந்தால், அங்கேயே நிறுத்துங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கணக்குப் புத்தகத்தைத் தேடிக்கொண்டு, மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு இரண்டு நாளைக் கடத்தாதீர்கள். முதல் கணக்குக்குப் போன தொகை அங்கே தங்காது. சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். பிரிவதற்குள் தகவல் போனால்தான் வங்கியால் நிறுத்திவைக்க முடியும். அனுப்பிய தேதி, நேரம், தொகை, அந்தப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் யுடிஆர் எண், பெற்றவரின் கணக்கு எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். நிறுத்திவைத்த பணம் தானாக வந்துவிடாது, பெரும்பாலும் நீதிமன்றத்தில் மனு போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். வங்கியிடம் இழப்பீடு கேட்கலாமா என்றால், உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்குத்தான் ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிகள் பாதுகாப்புத் தந்தன. நீங்களே கடவுச்சொல் போட்டு அனுப்பியது அதில் சேரவில்லை. 

கையில் பணமில்லை என்று சொன்னவர்களுக்கு இன்னொரு பொறி வைக்கிறார்கள். “என் நண்பர் உன் கணக்கில் போடுவார், நீ அந்த அதிகாரிக்கு அனுப்பிவிடு” என்பார்கள். அந்தப் பணம் இதேபோல் ஏமாந்த இன்னொருவருடையது. அனுப்பினால் உங்கள் கணக்கு முடக்கப்படலாம், அந்த வழக்கில் நீங்கள் குற்றம்சாட்டப்பட்டவராக நிற்க நேரிடலாம்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். “இந்த வயசுல உனக்கு இது தேவையா?” என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததும் அவர் மூன்றாவது, நான்காவது தொகையை மறைத்துவிடுவார், உரையாடலை அழித்துவிடுவார். வழக்குக்கு வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கும்போதே உங்களுடையதும் இதுதான் என்று தோன்றினால், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பிளாக் செய்யவும் வேண்டாம். நீங்கள் கண்டுகொண்டீர்கள் என்று தெரிந்தால் அண்மையில் அனுப்பியவற்றை அவர் பக்கத்திலிருந்தே அழித்துவிட முடியும். முதலில் வாட்ஸ்அப்பில் Export chat கொடுத்து முழு உரையாடலையும் நம்பகமான ஒருவரின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். எண், சுயவிவரப் பக்கம், ரசீதுகள், கணக்கு எண்கள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். கடைசித் தொகை போய் ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் 1930ஐ முதலில் அழைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். பிறகு சில மாதம் கழித்து “உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், செயல்முறைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று வக்கீல் என்றோ இன்டர்போல் என்றோ ஒருவர் அழைக்கக்கூடும். பழைய கும்பலிடம் உங்கள் பெயரும் எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணையும் புகாரில் சேர்க்கச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.