999 ரூபாய் சட்டையும் 360 ரூபாய் வித்தியாசமும்

மார்ச் கடைசியில் ஜவுளிக் கடைகளில் சரக்கிருப்பு எடுக்கும்போது நானும் போய் உட்காருவது வழக்கம். பில் போட கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் அலமாரி முன்னால் நின்று எண்ணுகிறவர் கையில் இன்றைக்கும் ஒரு அட்டையும் தாளும் பேனாவும்தான். சட்டை எத்தனை, விலை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று அங்கேயே போட்டுக்கொண்டு போவார்கள். சின்னக் கடைகளில் விற்பனை விலையிலேயே இருப்பைப் போட்டுவிட்டு, லாப விகிதத்தைப் பிறகு கழித்து அடக்க விலைக்கு வருவார்கள். அதனால் தாளில் பாதி வரிகள் 999, 799, 599 என்றுதான் இருக்கும்.

இந்த விலைகளை யாரும் நேரடியாகப் பெருக்குவதில்லை. 48 சட்டை, தலா 999 ரூபாய் என்றால், ஆயிரமாக வைத்து 48,000 போட்டு, அதில் 48-ஐக் கழித்து 47,952 என்று எழுதிவிடுவார்கள். நல்ல வழி. பழைய வழியும்கூட. 1150 வாக்கில் கணித மேதை பாஸ்கரர் எழுதிய லீலாவதி நூலில் 135-ஐ 12-ஆல் பெருக்கிக் காட்டும் இடத்தில் இதே யோசனை வருகிறது. 12-ஐ 20 ஆக்கிக்கொள், கூட்டிய எட்டுக்கு உண்டானதைக் கழித்துவிடு என்கிற கணக்கு அது. வழியில் குறை ஒன்றுமில்லை. தப்பு நடப்பதெல்லாம் கழிக்கிற இடத்திலும் எழுதுகிற இடத்திலும்தான்.

முதல் தப்பு, புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்வது. 25 சட்டைக்கு 24,999 என்று எழுதியிருப்பார்கள். கேட்டால், “ஆயிரத்துக்கு ஒண்ணுதானே சார் குறைச்சல், ஒண்ணு கழிச்சேன்” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பங்கீட்டு விதியைச் சொல்லி விளக்கினால் தலையாட்டுவார்கள். அடுத்த தாளில் அதே தப்பு மறுபடி வரும். நான் சொல்வது வேறு. 25 பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஆளுக்கு ஒரு ஆயிரம் தருகிறார்கள், நீ ஆளுக்கு ஒரு ரூபாய் சில்லறை கொடுக்கிறாய். கல்லாவிலிருந்து எத்தனை ரூபாய் போயிற்று? இருபத்தைந்து. அப்படியானால் 24,975. சில்லறை கொடுத்துப் பழகிய பையனுக்கு இது ஒரு தடவை சொன்னால் போதும்.

இந்தத் தப்புக்கு ஒரு அடையாளம் உண்டு. கணக்கு இடிக்கிற தொகை, உருப்படிகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாக இருக்கும். 25 சட்டை என்றால் 24 ரூபாய் கூடுதலாக நிற்கும். 48 என்றால் 47. தாளின் கூட்டல் 47 ரூபாய் அதிகமாக இருந்தால், 48 உருப்படி உள்ள வரி எது என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

இரண்டாவது தப்பு கடன் வாங்குவதில். 48,000-இல் 48-ஐக் கழிக்கும்போது நடுவில் நிற்கும் சுழியங்கள் ஆளைக் குழப்பும். இதற்குச் சுலபமான வழி, 48-ஐ 048 என்று மூன்று இலக்கமாகப் பார்த்து, முதல் இரண்டு இலக்கத்தையும் ஒன்பதிலிருந்தும் கடைசி இலக்கத்தைப் பத்திலிருந்தும் கழிப்பது. ஒன்பதில் சுழியம் போனால் 9, ஒன்பதில் நான்கு போனால் 5, பத்தில் எட்டு போனால் 2. ஆக 952. முன்னால் 48-க்கு ஒன்று குறைத்து 47. எல்லாவற்றையும் ஒன்பதிலிருந்தே கழித்தவர் 47,951 எழுதுவார். நடு இலக்கத்தையும் பத்திலிருந்து கழித்தவர் 47,962 எழுதுவார். முன்னால் இருக்கும் சுழியத்தை மறந்தவர் 4,752 எழுதுவார், ஆனால் 48,000-க்குக் கிட்ட வரவேண்டிய தொகை நாலாயிரத்தில் நிற்பது கண்ணிலேயே தெரிந்துவிடும்.

உண்மையில் தலைவலி தருவது மூன்றாவது தப்பு. கணக்கு மனதில் சரியாக வந்திருக்கும், கை மாற்றி எழுதியிருக்கும்.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தாளில் நான்கே வரிகள். 48 × 999 என்பதற்கு 47,592. 36 × 799 என்பதற்கு 28,764. 62 × 599 என்பதற்கு 37,138. 115 × 299 என்பதற்கு 34,385. கையால் போட்ட கூட்டல் 1,47,879. எண்ணிக்கையையும் விலையையும் மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் 1,48,239 வந்தது. 360 ரூபாய் இடித்தது. கடைப் பையன் கூட்டலையே மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டான். கூட்டலில் தப்பே இல்லை, அதனால் மூன்று தடவையும் அதேதான் வந்தது.

கணக்கு எழுதுகிறவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. இடிக்கிற தொகை ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். காரணம் எளிது. பத்தாம் இடத்தில் இருக்கவேண்டிய இலக்கம் நூறாம் இடத்துக்குப் போனால் அதன் மதிப்பு பத்து மடங்காகிறது, அதாவது ஒன்பது பங்கு கூடுகிறது. இடம் மாறிய இன்னொன்றுக்கு அதே கணக்கில் குறைகிறது. 360-ஐ ஒன்பதால் வகுத்தால் 40. கடைசியில் ஒரு சுழியம் இருப்பதால், இடம் மாறியது நூறாம் இடமும் பத்தாம் இடமும். முன்னால் உள்ள 4, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம். இனி நான்கு தொகைகளிலும் அந்த இரண்டு இடங்களை மட்டும் பார்த்தால் போதும். 28,764-இல் 7-ம் 6-ம், வித்தியாசம் 1. 37,138-இல் 1-ம் 3-ம், வித்தியாசம் 2. 34,385-இல் 3-ம் 8-ம், வித்தியாசம் 5. 47,592-இல் 5-ம் 9-ம், வித்தியாசம் 4. தாளின் கூட்டல் குறைவாக இருப்பதால் சின்ன இலக்கம் முன்னால் போயிருக்கவேண்டும், அதுவும் பொருந்துகிறது. 47,952 என்று திருத்தியதும் இரண்டு கூட்டலும் ஒன்றாகிவிட்டன. (இரண்டு வரிகளில் தப்பு இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அப்போது ஒவ்வொரு வரியாகத்தான் போகவேண்டும்.)

அந்தப் பையன் சும்மா இருக்கவில்லை. “நான் ஒன்பது சோதனை போட்டுப் பார்த்தேன் சார், சரியா வந்துச்சே” என்றான். 999-ஆல் பெருக்கினால் விடை ஒன்பதால் வகுபடும், ஆகவே இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்கு வரவேண்டும் என்று எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறான். 4, 5, 9, 7, 2 கூட்டினால் 27. சரிதான். ஆனால் இலக்கங்கள் எந்த வரிசையில் இருந்தாலும் கூட்டல் அதே 27 தானே? கை அதிகம் செய்கிற தப்பையே அந்தச் சோதனையால் பிடிக்க முடியாது. 999-க்கு அது எனக்குப் பிடிக்காத சோதனை.

அதற்குப் பதிலாக நான் பார்ப்பது, வலது பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டுவது. 47-ம் 952-ம் கூட்டினால் 999. எண்ணிக்கை ஆயிரம் வரை இருக்கும்போது இந்தக் கூட்டல் எப்போதும் 999-தான். ஏனென்றால் முன்பக்கம் ஒன்று குறைந்த எண், பின்பக்கம் ஆயிரத்துக்கு மீதி. 47-ம் 592-ம் கூட்டினால் 639, உடனே மாட்டிக்கொள்கிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் இது தவறாமல் காட்டிக்கொடுக்கும்.

799, 599 போன்றவற்றுக்கு இது பொருந்தாது. ஆனால் 99-இல் முடிகிற எந்த விலைக்கும் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. எண்ணிக்கையின் கடைசி இரண்டு இலக்கத்தையும் தொகையின் கடைசி இரண்டு இலக்கத்தையும் கூட்டினால் நூறு வரவேண்டும்; எண்ணிக்கை 00-இல் முடிந்தால் மட்டும் தொகையும் 00-இல் முடியவேண்டும். 36-ம் 64-ம் நூறு. 62-ம் 38-ம் நூறு. 115-இல் 15, அதோடு 85, நூறு. 48-க்கு எதிரே 92 இருந்தால் 140, ஆக அந்த வரி தப்பு. ஒன்று மட்டும் கழித்த 24,999-ம் இதில் சிக்கும், 47,962-ம் சிக்கும். முன்னால் உள்ள இலக்கங்களை இது பார்ப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

அந்த வீடியோக்களைப் பற்றி இன்னொன்று. “ஒன்றைக் குறைத்து முன்னால் எழுது, மீதியைப் பின்னால் எழுது” என்று சூத்திரமாக மட்டும் சொல்லிவிடுகிறார்கள். எதை எடுத்தாலும் 99 ரூபாய் கடைக்காரர் ஒருவர் 245 டப்பாவுக்கு அதைப் போட்டுவிட்டுத் திகைத்து நின்றார். முன்னால் 244. பின்னால்? நூறில் 245 எப்படிப் போகும்? எண்ணிக்கை நூறைத் தாண்டினால் 99-க்கு அந்தச் சூத்திரம் அப்படியே வராது. முழு வழிக்கே திரும்பிவிட வேண்டும். 24,500-இல் 245 போனால் 24,255. சோதிக்க இரண்டு இரண்டாகப் பிரித்து 2, 42, 55 கூட்டினால் 99.

999-க்கு இதே எல்லை ஆயிரத்தில் வரும். 1,248 உருப்படி என்றால் 12,48,000-இல் 1,248 போய் 12,46,752. இங்கே நம் லட்சக் காற்புள்ளி ஒரு வேலை காட்டும். காற்புள்ளி இருக்கும் இடத்தில் பிரித்து 12, 46, 752 என்று கூட்டினால் 810 வரும், சரியான தொகையைத் தப்பு என்று அடித்துவிடுவோம். காற்புள்ளியை மறந்துவிட்டு 1, 246, 752 என்று பிரிக்கவேண்டும். அப்போது 999.

சரி, இந்தச் சோதனைகள் எல்லாம் பெருக்கலைத்தான் பார்க்கும், எண்ணிக்கையைப் பார்க்காது. 48-க்குப் பதில் 46 என்று எண்ணியிருந்தால் 45,954 வரும், மூன்று மூன்றாகக் கூட்டினால் அதுவும் 999-தான். அதனால் தாள் சரியாகிவிட்ட பிறகும் ஒன்றிரண்டு வரிகளை நேரில் எண்ணச் சொல்வேன். அன்றைக்கு 599 ரூபாய் வரியை எடுத்தோம். அலமாரியில் 61 சட்டைதான் இருந்தது. பையனுக்கு முகம் வாடிவிட்டது. முதலாளி வாசல் பக்கம் கையைக் காட்டினார். அறுபத்திரண்டாவது பொம்மை மேல் இருந்தது.